1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1 தானே, அப்புறம் (1 + 1/n)^n எப்படி e ஆகிறது?

நிலா_வி

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று (1 + 1/n)^n வந்தது. n முடிவிலியை நெருங்கும்போது 1/n பூஜ்ஜியமாகிவிடும், அடைப்புக்குள் 1 மட்டும் மிஞ்சும், 1-ஐ எத்தனை தடவை பெருக்கினாலும் 1, அப்புறம் இந்த 2.718 எங்கிருந்து முளைத்தது என்று கேட்கிறான். "1^∞ தேறப்பெறாத வடிவம், அப்படிப் போடக்கூடாது" என்றேன். "போடக்கூடாது என்று யார் சொன்னது, ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று இல்லையா" என்கிறான். எனக்கும் இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. மடக்கை எடுத்து லோபிதால் விதியைப் போட்டு விடை வரவைப்பது எனக்குத் தெரியும், அது வேண்டாம். அவன் வாதத்தில் எந்த இடத்தில் தப்பு என்று விரல் வைத்துக் காட்ட முடியுமா?

கோட்பாடு_குமார்

இதில் என்ன இருக்கிறது. முடிவிலி ஒரு எண் இல்லை. எண் இல்லாத ஒன்றை அடுக்கில் வைத்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. அவ்வளவுதான், தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

நிலா_வி

சொன்னேன் குமார். "சரி, முடிவிலியே வேண்டாம். n என்பது ஒரு கோடி கோடி என்று வை, அது எண்தானே. அப்போதும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 1 தானே" என்றான்.

பைத்தான்_பாலா

தம்பி சொல்வதுதான் சரி போலிருக்கிறதே! இப்போதே ஓட்டிப் பார்த்தேன்:

```
>>> (1 + 1/10**12) ** 10**12
2.7185234960372378
>>> (1 + 1/10**15) ** 10**15
3.035035206549262
>>> (1 + 1/10**16) ** 10**16
1.0
>>> 1.0 ** float('inf')
1.0
```

n பெரிதாகப் பெரிதாக முதலில் 2.718 பக்கம் போகிறது, அப்புறம் 3.03-க்குத் தாவுகிறது, கடைசியில் 1-இல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசி வரியில் முடிவிலியையே நேராகக் கொடுத்தேன், அதற்கும் 1 என்கிறது. பாடப்புத்தகம் நடுவிலேயே நிறுத்திவிட்டதோ?

மாடக்குளம்

பாலாவுக்கு அப்புறம் வருகிறேன், அது தனிக் கதை. முதலில் நிலாவின் தம்பிக்கு.

அவனிடம் "முடிவிலி எண் இல்லை" என்று சொல்லி வாயடைப்பதில் பயனில்லை. அவனே அதை உதறிவிட்டுப் பெரிய எண்ணுக்கு வந்துவிட்டானே, கெட்டிக்காரப் பையன். அவன் செய்தது வேறு. அந்தக் கோவையில் n இரண்டு இடத்தில் இருக்கிறது, அடைப்புக்குள் ஒன்று, அடுக்கில் ஒன்று. அவன் உள்ளே இருக்கும் n-ஐ மட்டும் முதலில் கடைசிவரை ஓடவிட்டான், அடுக்கில் இருக்கும் n அதுவரை நின்ற இடத்தில் நிற்கிறது. உள்ளே 1 ஆகி முடிந்தபிறகுதான் அடுக்கைக் கிளப்புகிறான். ஆனால் இரண்டும் ஒரே n. ஒன்று 100 ஆகும் அந்த நொடியில் மற்றதும் 100.

இதைப் பளிச்சென்று பார்க்க வேண்டுமானால், வேண்டுமென்றே இரண்டையும் பிரித்து இரண்டு எழுத்து வையுங்கள். (1 + 1/m)^n என்று எழுதி ஒரு சின்ன அட்டவணை போடுங்கள்:

```
            n=10      n=100      n=1000
m=10        2.594     13780.6    2.47e41
m=100       1.105     2.705      20959.2
m=1000      1.010     1.105      2.717
```

ஒரு நெடுவரிசையில் கீழே இறங்கிப் போனால், அதாவது n நிற்க m மட்டும் வளர்ந்தால், எல்லாம் 1-ஐ நோக்கி வருகிறது. தம்பி போன வழி அது. ஒரு கிடைவரிசையில் வலப்பக்கம் போனால், அதாவது m நின்று n மட்டும் வளர்ந்தால், எண் வெடித்து மேலே போகிறது. 1-ஐவிடத் துளி கூடுதலான எண்ணை ஓயாமல் பெருக்கினால் அதற்கு வரம்பு ஏது? மூலைவிட்டத்தில் போனால்தான் 2.594, 2.705, 2.717. நம் கேள்வி மூலைவிட்டத்தைப் பற்றியது. அவன் வேறு ஒரு கேள்விக்குச் சரியான விடை சொல்லியிருக்கிறான். முதலில் m, பிறகு n என்று எல்லை எடுத்தால் 1 வரும், அதில் குற்றமில்லை. முதலில் n, பிறகு m என்று மாற்றினால் முடிவிலி. வரிசையை மாற்றினாலே விடை மாறுகிற இடத்தில், இரண்டும் சேர்ந்து நகர்வதற்கு அந்த இரண்டில் ஒன்றுதான் விடை என்று நினைக்க என்ன நியாயம்?

அவன் இன்னும் பிடிவாதம் பிடித்தால் கடைசி அம்பு இது. n எதுவானாலும் (1 + 1/n)^n-ஐ விரித்தால் முதல் இரண்டு உறுப்புகள் 1, அப்புறம் n × 1/n, அதுவும் 1. மற்றதெல்லாம் குறை எண் இல்லை. ஆக இது ஒருபோதும் 2-க்குக் கீழே இறங்காது. எப்போதும் 2-க்குக் குறையாமலேயே இருக்கும் வரிசை 1-ஐ எப்படி நெருங்கும்? ஒவ்வொரு காரணியிலும் 1-க்கு மேல் இருக்கும் மிச்சம் 1/n சிறுத்துக்கொண்டே போகிறது, வாஸ்தவம்தான், ஆனால் அப்படிப்பட்ட காரணிகள் n இருக்கின்றன. சிறுப்பதும் பெருகுவதும் ஒரே வேகத்தில் நடக்கிறது.

நிலா_வி

அந்த அட்டவணையை அப்படியே அவனிடம் காட்டினேன் சார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்படியானால் மூலைவிட்டத்தைக் கொஞ்சம் சாய்த்தால் வேறு விடை வருமா" என்று கேட்டான்.

மாடக்குளம்

வரும். அதுதான் 1^∞-க்கு ஒரே விடை வைக்க முடியாததன் காரணம். (1 + 3/n)^n போனால் e^3. (1 + 1/n²)^n போனால் 1, அங்கே மிச்சம் மிக வேகமாகச் சிறுத்துவிடுகிறது. (1 + 1/n)^(n²) போனால் வரம்பில்லாமல் ஏறும். (1 − 1/n)^(n²) போனால் 0. எல்லாவற்றிலும் உள்ளே 1, மேலே முடிவிலி. அவனே ஒரு நேர்எண்ணைச் சொல்லட்டும், அதற்குப் போகும் வழியை நான் போட்டுத் தருகிறேன்.

இப்போது பாலா. உங்கள் கணினி தம்பி செய்த அதே காரியத்தைத்தான் செய்கிறது. சாதாரண பதின்ம எண்களை அது சுமார் 16 இலக்கத்துக்குத்தான் வைத்துக்கொள்ளும். 1-க்கு அடுத்தபடியாக அதற்குத் தெரிந்த எண் 1-ஐவிட ஏறத்தாழ 2.22 × 10^−16 கூடுதல். நீங்கள் 10^−16 கூட்டச் சொன்னால் அது அந்த இடைவெளியில் பாதிகூட இல்லை, அதனால் விடையை 1 என்றே முழுமையாக்கிவிடுகிறது. அடைப்பு முடிந்துபோன பிறகுதான் அடுக்கு. அப்புறம் 1-ஐ எத்தனை தடவை பெருக்கினால் என்ன? 10^15-இல் வந்த 3.035-க்கும் இதுதான் காரணம்: 10^−15-ஐ அப்படியே வைக்க முடியாமல் ஐந்து இடைவெளி தள்ளி 1.11 × 10^−15 என்று வைத்துக்கொண்டது, அதனால் உங்களுக்கு e கிடைக்காமல் e^1.11 கிடைத்தது. இப்படி ஓட்டிப் பாருங்கள்:

```
>>> import math
>>> n = 10**16
>>> math.exp(n * math.log1p(1/n))
2.718281828459045
```

log1p என்பது 1-ஐக் கூட்டாமலேயே அந்தச் சின்ன மிச்சத்தின் மடக்கையை எடுக்கும். மிச்சம் தொலைவதில்லை.

பைத்தான்_பாலா

அட, ஆமாம். சரி, முடிவிலியை நேராகக் கொடுத்ததற்கு 1.0 என்றதே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி?

மாடக்குளம்

அங்கே அடிமானம் 1-ஐ நெருங்கும் எண் இல்லை, 1 என்ற எண்ணேதான். 1, 1, 1 என்று போகும் வரிசைக்கு எல்லை 1, அதில் யாருக்கும் சண்டை இல்லை. pow சார்பை வகுத்தவர்கள் அடிமானம் சரியாக 1 என்றால் அடுக்கு எதுவானாலும் 1 என்று முடிவு செய்துவிட்டார்கள். கணினி பதின்ம எண்களை எப்படிக் கையாள வேண்டும் என்று வகுக்கும் ஐஇஇஇ 754 தரத்தின் 2008 பதிப்பில் powr என்று இன்னொரு செயலும் இருக்கிறது, அதில் 1-க்கு முடிவிலி அடுக்கு கொடுத்தால் செல்லாத செயல் என்று சொல்லிவிடும். இரண்டுமே ஒரு ஏற்பாடுதான். எல்லையைப் பற்றி அவை எதையும் நிரூபிக்கவில்லை.

வட்டிக்கணக்கு_வாசு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தலைப்பைப் பார்த்ததும் இது கூட்டு வட்டி என்று தெரிந்தது. என்னிடம் ஒருவர் கடன் வாங்கச் சொல்லி, ஆண்டுக்கு 12 சதவீதம், ஆனால் தினமும் கூட்டு வட்டி என்கிறார். தினமும் வட்டிக்கு வட்டி ஏறினால் 365 தடவை ஆகிறதே, ஒரு வருடத்தில் முடிவிலிக்குப் போய்விடாதா? மேலே அட்டவணையில் 13780 என்றெல்லாம் பார்த்துப் பயந்துவிட்டேன்.

யாழ்_அகிலன்

அண்ணை, பயப்படாதையுங்கோ. நீங்கள் பார்த்த 13780 என்பது வீதத்தைக் குறைக்காமல் தடவையை மட்டும் கூட்டிய வரி. உங்கள் கடனில் தடவை 365 ஆகும்போது ஒவ்வொரு தடவைக்கும் உள்ள வீதமும் 12/365 ஆகக் குறைகிறது, அதனால் நீங்கள் மூலைவிட்டத்தில் நிற்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை என்றால் 12 சதவீதம். மாதா மாதம் என்றால் 12.68. தினமும் என்றால் 12.747. நொடிக்கு நொடி ஏற்றினாலும் 12.75-ஐத் தாண்ட ஏலாது. மாதத்துக்கு 12 சதவீதம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஓடித் தப்புங்கள்.

இந்தக் கோவை முதலில் வந்ததே வட்டியில் இருந்துதான். 1683-இல் யாக்கோப் பெர்னூலி இதே கேள்வியைக் கேட்டு, விடை 2-க்கும் 3-க்கும் இடையில் என்று கண்டார்.

வட்டிக்கணக்கு_வாசு

0.75 சதவீதத்துக்கா இவ்வளவு நேரம் முழித்திருந்தேன். நன்றி தம்பி. ஆனால் அவர் செயல்பாட்டுக் கட்டணம் என்று வேறு ஏதோ சொன்னார், அதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

கோட்பாடு_குமார்

எனக்கு இப்போது விதி பிடிபட்டுவிட்டது. n இரண்டு இடத்தில் வந்தால் தனித்தனியாக எல்லை எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்தான் எடுக்க வேண்டும். நிலா, தம்பி நோட்டில் இதைப் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

யாழ்_அகிலன்

குமார், பாதி சரி, ஆனால் அப்படி எழுதி வைத்தால் நல்ல கணக்கு எல்லாம் செத்துப்போகும். (3 + 1/n)(2 − 5/n) என்று வந்தால் n இரண்டு இடத்தில்தான் இருக்கிறது, தாராளமாகத் தனித்தனியாக எடுத்து 6 என்று சொல்லலாம். இரண்டு காரணி, இரண்டுக்கும் முடிவான எல்லை உண்டு, அதற்குத்தான் எல்லை விதிகள். (1 + 1/n)^5 கூட அப்படித்தான், ஐந்து காரணி, n வளர்ந்தாலும் ஐந்துதான், விடை 1. காரணிகளின் எண்ணிக்கையே n-ஓடு சேர்ந்து வளரும்போதுதான் கால் வழுக்கும்.

அடுக்கில் n இருந்தாலே ஆபத்து என்றும் சொல்ல ஏலாது. (1/2 + 1/n)^n-ஐப் பாருங்கள். n 10-ஐத் தாண்டினால் அடிமானம் 0.6-க்குக் கீழே போய்விடும், பிறகு முழுக்கோவையும் 0.6^n-ஐவிடச் சிறிது, ஆக 0. இங்கே உள்ளே இருப்பது எவ்வளவு மெதுவாக 1/2-க்குப் போனாலும் விடை மாறாது. அதனால்தான் அது தேறப்பெறாத பட்டியலில் இல்லை.

ஆர்த்தி_டியூஷன்

பட்டியலை எல்லோரும் இவ்வளவு மட்டமாகப் பேசுவதால் ஒன்று சொல்கிறேன். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு எழுத்து அட்டவணை எல்லாம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. 0/0, ∞ − ∞, 1^∞, இதெல்லாம் வந்தால் நில், வேறு வடிவத்துக்கு மாற்று என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். பட்டியல் ஒரு எச்சரிக்கைப் பலகை, அது போதும்.

நான் அதிகம் பார்க்கும் தப்பு 1^∞ இல்லை, √(n² + n) − n. n பெரிதானால் n² முன்னால் n ஒன்றுமில்லை, அதனால் √n² − n, அதனால் 0 என்று எழுதிவிடுகிறார்கள். n = 100 போட்டுப் பாருங்கள் என்பேன், 0.4988 வரும். இணையைப் பெருக்கி வகுத்தால் n / (√(n² + n) + n), மேலும் கீழும் n-ஆல் வகுத்தால் 1/2.

மாடக்குளம்

பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் தந்த கணக்கிலேயே பாருங்கள், அந்தப் பிள்ளை ∞ − ∞ என்று எங்கும் எழுதவே இல்லை. n² + n என்பதை n² என்று மாற்றினான், அவ்வளவுதான். பலகை அவன் கண்ணில் படவே இல்லை. விகிதத்தில் அந்த மாற்றம் சரி, (n² + n)/n² உண்மையிலேயே 1-க்குப் போகிறது. கழித்தலில் அது சரியில்லை, ஏனென்றால் விகிதத்தில் ஒன்றுமில்லாததாகப் போகிற அந்த மிச்சம் கழித்தலில் முழு அரையாக நிற்கிறது. எதை எங்கே விட்டெறியலாம் என்று அவனுக்குச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கொடுத்தால் பட்டியலில் இல்லாத இடத்தில் விழுவான்.

ஆர்த்தி_டியூஷன்

தேர்வறையில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் சார். நீங்கள் சொல்வது கல்லூரிக்கு.

யாழ்_அகிலன்

இதை நீங்கள் இருவரும் பேசித் தீர்க்கமாட்டீர்கள். நான் இன்னொரு பக்கம் இழுக்கிறேன். பெருக்கலில் வந்த இதே கதை கூட்டலில் இன்னும் நைசாக வரும். 1/(n+1) + 1/(n+2) + … + 1/(2n). ஒவ்வொரு உறுப்பும் 0-க்குப் போகிறது, 0-களைக் கூட்டினால் 0 என்று எழுதாதவர் குறைவு. ஆனால் n உறுப்பு இருக்கிறது, மிகச் சிறியதே 1/(2n), ஆகக் கூட்டுத்தொகை எப்போதும் குறைந்தது 1/2. n = 10-க்கு 0.6688, n = 100-க்கு 0.6907, கடைசியில் ln 2, அதாவது 0.6931. இங்கேயும் மறைவாக நடந்தது ஒரு இடமாற்றம்தான்: கூட்டி முடித்து எல்லை எடுக்க வேண்டிய இடத்தில் எல்லை எடுத்து முடித்துக் கூட்டிவிட்டார்கள்.

பெரியவர்களும் இதில் சறுக்கியதாகச் சொல்வார்கள். 1821-இல் கோஷி, தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடர் தொடர்ச்சியான சார்பையே தரும் என்று எழுதினார். 1826-இல் ஆபெல் sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − … என்பதைக் காட்டி இதற்கு அது பொருந்தவில்லையே என்றார். −π-க்கும் π-க்கும் இடையில் இதன் கூட்டுத்தொகை x/2, ஆக π-ஐ இடப்பக்கமிருந்து நெருங்கினால் π/2-க்குப் போகிறது. ஆனால் x சரியாக π-ஆக இருந்தால் எல்லா உறுப்பும் 0, கூட்டுத்தொகையும் 0. x-இன் எல்லையையும் உறுப்பு எண்ணிக்கையின் எல்லையையும் மாற்றிப் போட்டதன் விலை அது. 1853-இல் கோஷியே நிபந்தனையை இறுக்கி எழுதினார். 1821-இல் அவர் மனதில் இருந்தது என்ன என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை.

நிலா_வி

இப்போது எனக்கே ஒரு சந்தேகம். ஈருறுப்புத் தேற்றத்தால் (1 + 1/n)^n-ஐ விரித்து, ஒவ்வொரு உறுப்பும் 1/k!-க்குப் போகிறது, ஆகவே விடை 1 + 1 + 1/2! + 1/3! + … = e என்று கல்லூரியில் நாங்கள் படித்தோம். உறுப்பு எண்ணிக்கை n + 1, அதுவும் வளர்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியாக எல்லை எடுத்துவிட்டுக் கூட்டுகிறார்கள். அகிலன் இப்போது குற்றம் என்று சொன்ன அதே வேலைதானே இது? விடை மட்டும் சரியாக வந்துவிடுகிறது.

மாடக்குளம்

நல்ல கேள்வி. அதே வேலைதான், ஆனால் இங்கே அனுமதிச்சீட்டு இருக்கிறது. நிறையப் பேர் அதைக் காட்டாமலேயே தாண்டிவிடுகிறார்கள்.

விரித்தால் k-ஆவது உறுப்பு இப்படி இருக்கும்: (1 − 1/n)(1 − 2/n)…(1 − (k−1)/n) / k!. மேலே இருக்கும் காரணிகள் எல்லாம் 1-ஐ மிஞ்சாதவை. அதனால் n எதுவானாலும் இந்த உறுப்பு 1/k!-ஐத் தாண்டாது. அந்த 1/k!-களை எல்லாம் கூட்டினாலும் முடிவான தொகைதான். இது ஒரு குடை மாதிரி. n என்ன ஆட்டம் போட்டாலும் எல்லா உறுப்பும் அந்த ஒரே குடைக்குள் அடங்குகிறது, குடையின் மொத்த அளவும் முடிவானது.

இது எப்படி உதவுகிறது என்று எண் போட்டே பார்ப்போம். k = 10-ஓடு வெட்டிவிடுங்கள். k = 11 முதல் கடைசிவரை உள்ள வால், n எதுவானாலும், 1/11! + 1/12! + …-ஐத் தாண்டாது. 11! என்பது 3,99,16,800, ஆக அந்த வால் முழுவதும் சேர்ந்து 0.00000003-க்கும் குறைவு. n பத்தானாலும் பத்துக் கோடியானாலும் இதே அளவுதான், கவனிக்க வேண்டியது அதுதான். மிஞ்சியிருப்பது k = 0 முதல் 10 வரை பதினோரு உறுப்பு. பதினொன்று n-ஓடு வளராது. அந்தப் பதினொன்றுக்கும் தனித்தனியாக எல்லை எடுக்க யாரும் தடை சொல்ல முடியாது. இன்னும் துல்லியம் வேண்டுமானால் 20-இல் வெட்டுங்கள். இதற்கு டானரி தேற்றம் என்று பெயர்.

கோட்பாடு_குமார்

அகிலனுடைய கூட்டலுக்கும் குடை இருக்கிறதே சார். 1/(n + k) என்பது எப்போதும் 1/k-ஐவிடச் சிறியது. குடை பிடித்தாயிற்று, ஆக விடை 0!

யாழ்_அகிலன்

குமார், உங்கள் குடையின் அளவைக் கூட்டிப் பார்த்தீர்களா? 1 + 1/2 + 1/3 + … முடிவில்லாமல் ஏறும். அப்படிப்பட்ட குடை எதற்கும் உதவாது. இதைவிடச் சின்னக் குடை கிடைக்குமா என்று பார்த்தாலும் கிடைக்காது. k-ஆவது உறுப்பு n, k-ஐ எட்டும்போதுதான் கூட்டலுக்குள் வருகிறது, அப்போது அதன் அளவு 1/(2k), பிறகு குறைந்துகொண்டே போகும். ஆகக் குறைந்தபட்சக் குடையே 1/(2k). அதையும் கூட்டினால் முடிவிலிதான்.

வெட்டிப் பார்த்தாலும் இதே கதை தெரியும். k = 10-இல் வெட்டுங்கள். n = 1000 ஆகும்போது முதல் பத்து உறுப்பின் தொகை 0.01-க்கும் கீழே, மிச்சம் 0.68 முழுக்க வாலில் இருக்கிறது. 100-இல் வெட்டினாலும், n-ஐப் போதுமான அளவு வளர்த்தால், கிட்டத்தட்ட எல்லாம் வாலுக்குள் போய்விடும். எங்கே வெட்டினாலும் தப்பிவிடுகிறது. உறுப்பு வாரியாக எல்லை எடுப்பவர் கையில் 0 மிஞ்சுவதன் காரணம் அதுதான்.

பைத்தான்_பாலா

அப்படியானால் குடை இல்லாவிட்டால் மாற்றக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாமா? ஒரு சோதனை கிடைத்த மாதிரி இருக்கிறது, நிரலாகவே எழுதிவிடலாம்.

யாழ்_அகிலன்

இல்லை பாலா. குடை இருந்தால் மாற்றலாம், அவ்வளவுதான் தேற்றம் சொல்கிறது. குடை இல்லாமலும் சரியாக வரலாம். k = n ஆன இடத்தில் மட்டும் 1/n, மற்ற எல்லா இடத்திலும் 0 என்று வையுங்கள். கூட்டுத்தொகை 1/n, 0-க்குப் போகிறது. உறுப்பு வாரியாக எடுத்தாலும் 0. இரண்டும் ஒன்றுதான். ஆனால் குடை என்று பார்த்தால் 1/k வேண்டும், அதன் தொகை முடிவிலி. அதே இடத்தில் 1/n-க்குப் பதில் 1 வைத்தால் கூட்டுத்தொகை எப்போதும் 1, உறுப்பு வாரியாக 0, ஆகக் கவிழ்ந்துவிடும். நிரலில் சில n-களை மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு சொல்வதையும் நான் நம்பமாட்டேன், உங்கள் 3.035-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தான்_பாலா

அப்போது மாற்றலாமா கூடாதா என்று இரண்டு பக்கமும் சரியாகச் சொல்லும் நிபந்தனை என்ன?

மாடக்குளம்

உறுப்புகள் எல்லாம் குறை எண் இல்லாதவை, எல்லை உறுப்புகளின் தொகையும் முடிவானது என்றால் இருக்கிறது: எவ்வளவு சின்ன அளவு சொன்னாலும், எல்லா n-க்கும் பொதுவாக ஓரிடத்தில் வெட்டி, வாலை அந்த அளவுக்குக் கீழே கொண்டுவர முடிய வேண்டும். முடிந்தால் மாற்றலாம், முடியாவிட்டால் விடை கட்டாயம் தப்பும். அகிலனின் இரண்டு உதாரணத்தையும் இதில் போட்டுப் பாருங்கள், பொருந்தும். கூட்டலும் கழித்தலும் கலந்து வந்தால் வாலுக்குள்ளேயே ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தற்செயலாகச் சரியாகிவிடவும் கூடும். அங்கே இவ்வளவு சுத்தமாக என்னால் சொல்ல முடியாது, யாராவது தெரிந்தால் எழுதுங்கள்.

ஆர்த்தி_டியூஷன்

நான் இன்னும் பட்டியல் கட்சிதான். ஆனால் அந்த மூன்றுக்கு மூன்று அட்டவணையை வகுப்பில் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்.

நிலா_வி

தம்பி நேற்று ராத்திரி அவனாகவே ஒன்று போட்டுக்கொண்டு வந்தான்: (1 + (−1)^n / n)^n. உள்ளே 1-க்குத்தான் போகிறது, மேலே முடிவிலிதான். n = 100-க்கு 2.705, n = 101-க்கு 0.366. இரட்டை எண்களில் e-க்கும் ஒற்றை எண்களில் 1/e-க்கும் போகிறது, ஆகவே எல்லையே கிடையாது என்கிறான். சரிதானே சார்? இப்போது லோபிதால் விதியை இதில் எங்கே போடுவது என்று என்னைக் கேட்கிறான்.

மாடக்குளம்

சரிதான். எங்கேயும் போட முடியாது. n முழு எண்ணாக இல்லாவிட்டால் (−1)^n-ஐ எப்படி வகையிடுவாய் என்று திருப்பிக் கேளுங்கள்.

கோட்பாடு_குமார்

இரட்டைக்கும் ஒற்றைக்கும் தனித்தனியாகப் போடலாமே?

யாழ்_அகிலன்

போடலாம் குமார். இரட்டைக்கு (1 + 1/x)^x, ஒற்றைக்கு (1 − 1/x)^x என்று தனித்தனிச் சார்பாக எடுத்துக்கொண்டால் விதி செல்லும், e-யும் 1/e-யும் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு என்று கண்டபிறகு சராசரி எடுத்துவிடாதையுங்கோ.